குறி செய்யும் வேலை: மொழிபெயர்ப்பில் நிறுத்தக்குறிகளும் இடைவெளிகளும்



பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வரும் கதைகளின் படிகளைச் செப்பம் செய்வது என் தொழில். ஒரு சொல்லுக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று மொழிபெயர்ப்பாளரும் நானும் மணிக்கணக்கில் வாதாடுவோம். நிறுத்தக்குறி என்று வந்தால் மட்டும், “மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துவிடுங்கள்” என்பார்கள். அல்லது “அது அச்சுக்கோப்பவர் பார்த்துக்கொள்வார்” என்பார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மொழியில் குறி செய்யும் வேலையை இன்னொரு மொழியில் ஒரு விகுதி செய்துகொண்டிருக்கலாம். இலக்கணம் செய்துகொண்டிருந்த வேலையை இங்கே ஒரு குறி ஏற்க வேண்டியும் வரலாம். ஆகவே குறியைத் தூக்கி வருவதற்கு முன் அது அங்கே என்ன வேலை செய்தது, அந்த வேலையைத் தமிழில் யார் செய்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். இன்றைய உரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஒரு சிறு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். இந்த உரைக்காக நானே எழுதிக்கொண்டது. ரயில் நிலையத்தில் ஓர் அம்மாவும் அவளுடைய சிறு மகனும் நிற்கிறார்கள். பிரெஞ்சு நாவலில் இது எப்படி அச்சாகியிருக்குமோ அப்படியே தருகிறேன். சொற்களை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன். சொல்வரிசை, குறிகள், இடைவெளிகள் எதையும் தொடவில்லை.

« வா, சொன்னாள் அம்மா, நேரமாகிவிட்டது.
— எங்கே போகிறோம் ?
— உன் பாட்டி வீட்டுக்கு. அவள் தயங்கினாள். அப்பா அங்கே இல்லை.
— அப்பா வருவார் ? »

முதலில் கண்ணில் படுவது அந்த இரட்டைக் கோண மேற்கோள்குறி. ஒவ்வொருவர் பேச்சுக்கும் அது திறந்து மூடவில்லை என்பதைக் கவனியுங்கள். உரையாடல் தொடங்கும்போது ஒரு முறை திறக்கிறது, உரையாடல் முடியும்போது ஒரு முறை மூடுகிறது. இடையில் பேசுபவர் மாறுவதைக் காட்டுவது வரியின் தொடக்கத்தில் உள்ள நீண்ட கோடு. ‘சொன்னாள் அம்மா’ என்பது எந்த மேற்கோளும் மூடாமல் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அது அம்மாவின் பேச்சு இல்லை என்று பிரெஞ்சு வாசகருக்கு எப்படித் தெரிகிறது? வினை முதலிலும் எழுவாய் அதன் பின்னும் வருவதால் தெரிகிறது. பிரெஞ்சில் எழுவாய்க்குப் பின் வினை வருவதே வழக்கம். பேச்சின் நடுவில் அது தலைகீழானால் கதைசொல்லி உள்ளே வந்து போகிறார் என்று பொருள்.

மூன்றாம் வரி இன்னும் நுட்பமானது. ‘அவள் தயங்கினாள்’ என்பது கதைசொல்லியின் வாக்கியம். அதைச் சுற்றி எந்தக் குறியும் இல்லை. இப்படி நடுவில் முழு வாக்கியமே வந்தால் மேற்கோளை மூடித் திறக்க வேண்டும் என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள். ஆனால் கோட்டை மட்டுமே வைத்து உரையாடலை நடத்தும் நாவல்களில் அதற்கு வழியே இல்லை. அங்கே வாசகரைக் காப்பாற்றுவது வினையின் காலம். பிரெஞ்சில் எழுத்துக்கென்றே ஓர் இறந்தகாலம் இருக்கிறது. கதை சொல்லும்போது அதை எழுதுவார்கள். வீட்டிலும் தெருவிலும் பேசும்போது பயன்படுத்த மாட்டார்கள். ‘தயங்கினாள்’ அந்த வடிவத்தில் வந்த உடனேயே, இது வாயிலிருந்து வந்த சொல் இல்லை என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. மேற்கோள்குறி செய்ய வேண்டிய வேலையை அங்கே ஒரு வினைவடிவம் செய்துவிடுகிறது.

இந்த நான்கு வரிகளையும் தமிழுக்குக் கொண்டுவருவோம். முதல் வரியை மூலத்தில் உள்ளபடி வைத்து, ‘சொன்னாள்’ என்பதை ‘என்றாள்’ ஆக்கி, கோண மேற்கோளை மட்டும் நம் மேற்கோளாக மாற்றினால் இப்படி ஆகும்: “வா, என்றாள் அம்மா, நேரமாகிவிட்டது.” தமிழில் சொல்வரிசை நெகிழ்வானது. ‘என்றாள் அம்மா’ என்று வினை முன்னால் வருவது கதைகளில் சாதாரணம், பேச்சிலும் வரும். ஆகவே அந்தத் தலைகீழ் வரிசை இங்கே எதையும் அறிவிக்காது. பிள்ளையிடம் பேசுகிறவளே ‘என்றாள் அம்மா’ என்றும் சொன்னதுபோல ஆகிவிடும்.

ஆங்கிலம் வழியாகப் பழகியவர்கள் இதை வேறு விதமாகச் சரிசெய்வார்கள்: “வா,” என்றாள் அம்மா, “நேரமாகிவிட்டது.” இது குழப்பம் தராது. நம் இதழ்களில் நிறையவே பார்க்கிறோம். ஆனால் தமிழில் நேர்கூற்று ‘என்று’ என்பதில் போய் முடிய வேண்டும். இந்த அமைப்பில் ‘வா’ என்பதை ‘என்றாள்’ பற்றிக்கொள்கிறது. ‘நேரமாகிவிட்டது’ என்பதைப் பற்றிக்கொள்ள யாரும் இல்லை. நான் இப்படி எழுதச் சொல்வேன்: “வா, நேரமாகிவிட்டது” என்றாள் அம்மா. மூல ஆசிரியர் நடுவில் நிறுத்தியதற்குக் காரணம் இருந்தால், அதாவது அம்மா ‘வா’ என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்கிறாள் என்றால், இரண்டு வாக்கியமாகவே பிரித்துவிடலாம்: “வா” என்றாள் அம்மா. “நேரமாகிவிட்டது.” இரண்டாவது பேச்சு இங்கே தனி வாக்கியமாக நிற்பதால் அதற்கு ‘என்று’ வேண்டியதில்லை. பிரெஞ்சில் பெரும்பாலான இடங்களில் இந்த இடைநிறுத்தத்துக்குத் தனிப் பொருள் கிடையாது. பேசுபவர் யார் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே கதைசொல்லி நடுவில் வருகிறார். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் சத்தமாகப் படித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

‘என்றாள்’ என்பதற்கு முன்னால் காற்புள்ளி வேண்டுமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் இலக்கண நூல்கள் இந்தக் குறிகளை மூச்சின் அளவாகவே விளக்குகின்றன: காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நிறுத்தம், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. கால், அரை, முக்கால், முற்று என்ற பெயர்களிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. ‘நேரமாகிவிட்டது என்றாள்’ என்பதைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரு மாத்திரை நேரம்கூட நிற்பதில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அங்கே காற்புள்ளி வைப்பது ஆங்கில அச்சு மரபுக்குக் கட்டுப்பட்டது, நம் நாவுக்கு அல்ல. அதே காரணத்துக்காகப் பேச்சின் கடைசி முற்றுப்புள்ளியும் ‘என்றாள்’ முன்னால் விழுந்துவிட வேண்டும். பேச்சுக்குள் இரண்டு வாக்கியம் இருந்தால் முதல் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி இருக்கும், கடைசியது மட்டும் போகும். வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் போகக் கூடாது. அவை நிறுத்தத்தை அல்ல, குரலைக் காட்டுபவை.

மூன்றாம் வரிக்கு வருவோம். எழுத்துக்கென்று தனி இறந்தகாலம் தமிழில் இல்லை. ‘தயங்கினாள்’ என்பதைக் கதைசொல்லியும் சொல்லலாம், அம்மாவும் சொல்லலாம். எனவே அங்கே வினைவடிவம் செய்த வேலையை இங்கே மேற்கோள்குறி செய்தாக வேண்டும்: “உன் பாட்டி வீட்டுக்கு.” அவள் தயங்கினாள். “அப்பா அங்கே இல்லை.” மூலத்தில் இல்லாத இரண்டு இணை மேற்கோள்களை நாம் சேர்க்கிறோம். மூலத்துக்கு உண்மையாக இருப்பதற்காகத்தான் சேர்க்கிறோம்.

தமிழ் எழுத்தாளர் ஒருவர் இதே காட்சியைச் சொந்தமாக எழுதினால் மேற்கோளே இல்லாமலும் ஒப்பேற்றிவிடுவார். அவருடைய அம்மா, ‘ஒம் பாட்டி வீட்டுக்குத்தாண்டா. அப்பா அங்க இல்ல’ என்பாள். கதைசொல்லி ‘தயங்கினாள்’ என்பார். பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில் அந்த விலகலே மேற்கோளாகிவிடுகிறது. பிரெஞ்சுக்காரருக்கு அந்தத் தனி இறந்தகாலம் எப்படியோ, நமக்குப் பேச்சுவழக்கு அப்படி. ஆனால் மொழிபெயர்ப்பில் பாரிஸ் நகரத்து அம்மாவை எந்த மாவட்டத்து வழக்கில் பேசவைப்பது என்ற தயக்கத்தில் பெரும்பாலோர் பொதுநடையையே எடுத்துக்கொள்கிறார்கள். அது நியாயமான முடிவுதான். அந்த முடிவை எடுத்தவர், அதனால் ஒரு அடையாளம் கைவிட்டுப் போனதையும் கணக்கில் வைக்க வேண்டும். பேச்சையும் கதையையும் ஒரே நடையில் எழுதுகிறவருக்கு மேற்கோள்குறி தவிர வேறு துணை இல்லை.

பிரெஞ்சிலேயே அந்தத் தனி இறந்தகாலத்தின் துணையைக் கைவிட்ட நாவல் உண்டு. 1942இல் வெளிவந்த ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைப் பலர் வெ. ஸ்ரீராமின் நேரடித் தமிழாக்கத்தில் படித்திருப்பீர்கள். அதன் கதைசொல்லி எழுத்து இறந்தகாலத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, மக்கள் பேசும் இறந்தகாலத்திலேயே கதையைச் சொல்கிறான். மற்றவர்கள் பேசியதையும் நிறைய இடங்களில் அயற்கூற்றாகவே தருகிறான். தன்மையில் சொல்லப்படும் கதை, அதில் அயற்கூற்று என்னும் இந்தச் சேர்க்கை தமிழில் ஒரு சிக்கலை உண்டாக்கும். அதைச் சொந்த எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

‘முதலாளி நான் தாமதமாக வந்தேன் என்று சொன்னார்.’ இந்த வாக்கியத்தில் தாமதமாக வந்தது யார்? முதலாளியா, கதைசொல்லியா? பிரெஞ்சில் அயற்கூற்றைத் தொடங்கிவைக்கும் ஓர் இணைப்புச்சொல் உண்டு. அது வந்தால் மூவிடப்பெயர்கள் கதைசொல்லியின் பார்வைக்கு மாறிவிடும். ஆகவே ஐயம் எழாது. நம் ‘என்று’ நேர்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் பொதுவானது. அதனால் ‘நான்’ யார் என்பது தொங்கலில் நிற்கிறது. இங்கே மேற்கோள்குறி வேறு யாரும் செய்யாத வேலையைச் செய்கிறது: முதலாளி, “நான் தாமதமாக வந்தேன்” என்று சொன்னார் என்றால் வந்தவர் முதலாளி. கதைசொல்லிதான் தாமதமாக வந்தான் என்றால் குறியை விட்டுவிட்டு விகுதியிடம் போக வேண்டும்: ‘நான் தாமதமாக வந்ததாக முதலாளி சொன்னார்.’ ‘வந்ததாக’ என்று எழுதிய உடனே ‘நான்’ கதைசொல்லியோடு ஒட்டிக்கொள்கிறது. முதலாளி தன்னைப் பற்றிச் சொன்னதை அயற்கூற்றாகவே வைக்க விரும்பினால் ‘தான் தாமதமாக வந்ததாக’ என்று எழுதலாம். என்னிடம் வரும் படிகளில் பேசுபவர் யார் என்று புரியாத இடம் வந்தால், முதலில் நான் தேடுவது மேற்கோள் இல்லாத ‘என்று’வுக்கு முன்னால் நிற்கும் ‘நான்’, ‘நீ’, ‘என்’, ‘உன்’ ஆகிய சொற்களைத்தான்.

நீண்ட பேச்சில் ‘என்று’ வேறு விதமாகத் தொல்லை தரும். ஒரு பாத்திரம் மூன்று பத்தி பேசுகிறது. பிரெஞ்சில் முதல் வரியிலேயே ‘சொன்னார் மருத்துவர்’ என்று வந்துவிடும். தமிழாக்கத்தில் ‘என்றார் மருத்துவர்’ மூன்றாம் பத்தியின் கடைசியில் வந்தால், அதுவரை வாசகர் யார் குரல் என்று தெரியாமல் படித்துக்கொண்டிருப்பார். இத்தகைய இடத்தில் ‘மருத்துவர் சொன்னார்:’ என்று முதலிலேயே சொல்லி, முக்காற்புள்ளி வைத்துப் பேச்சைத் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் மேற்கோளைத் திறந்து, கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும் மூடலாம். அப்போது ‘என்று’ தேவையில்லை. முக்காற்புள்ளி அதன் வேலையை முன்கூட்டியே செய்துவிட்டது.

இனி வினாக்குறி. நான்காம் வரியில் மகன் கேட்கிறான்: ‘அப்பா வருவார் ?’ பிரெஞ்சுப் பேச்சில் இது இயல்பு. வாக்கியத்தை எதுவும் செய்யாமல் குரலை மட்டும் உயர்த்திக் கேள்வியாக்கிவிடுவார்கள். எழுத்தில் அதைக் காட்டுவதற்கு வினாக்குறி ஒன்றே வழி. தமிழில் அதை ‘அப்பா வருவாரா?’ என்று எழுதியதும் வேலையை ஆகாரம் எடுத்துக்கொண்டுவிடுகிறது. எகரமும் யாவும் சொல்லின் முதலிலும், ஆகாரமும் ஓகாரமும் இறுதியிலும், ஏகாரம் இரண்டு இடங்களிலும் வினாப்பொருள் தரும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. வினாக்குறி அச்சோடு வந்தது, வினா எழுத்து அதற்கு எவ்வளவோ முந்தியது. ஆனாலும் குறியை நாம் எறிந்துவிட முடியாது. ‘சாப்பிட்ட?’, ‘அப்பா வரல?’ என்று நம் பேச்சிலும் குரலாலேயே கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. அங்கே குறிதான் எல்லாம்.

வினா எழுத்தும் வினாக்குறியும் ஒன்றையொன்று தொடரும் பழக்கத்தால் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ‘அவன் வருவானா என்று தெரியவில்லை’ என்பது கேள்வி அல்ல. தெரியவில்லை என்ற செய்தி. உள்ளே ஆகாரம் இருப்பதால் கை தானாகவே கடைசியில் வினாக்குறியைப் போட்டுவிடுகிறது. பிரெஞ்சு மூலத்தில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளிதான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது மூலத்தின் முற்றுப்புள்ளி படியில் வினாக்குறியாகியிருந்தால், ஒன்று மொழிபெயர்ப்பாளர் பொருளை மாற்றியிருக்க வேண்டும், அல்லது இந்தப் பழக்கம் வேலை செய்திருக்க வேண்டும்.

வாக்கியத்தில் எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதையும் நம் ஆகாரம் சொல்லிவிடும். ‘நீயா அவனைப் பார்த்தாய்?’ ‘நீ அவனையா பார்த்தாய்?’ ‘நீ அவனைப் பார்த்தாயா?’ மூன்றும் மூன்று கேள்விகள். ஐரோப்பிய வினாக்குறி மூன்றுக்கும் கடைசியில் ஒரே மாதிரி நிற்கிறது. அது எந்தச் சொல்லைச் சுட்டுகிறது என்று சொல்லாது. ஸ்பானிய மொழி இதில் கொஞ்சம் முன்னே போயிற்று. ஸ்பானிய அகாதெமி 1754இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில், கேள்வியின் தொடக்கத்திலும் தலைகீழ் வினாக்குறி ¿ வைக்க வேண்டும் என்று விதித்தது. வாக்கியத்தின் நடுவில் கேள்வி தொடங்கினால் அந்தக் குறியும் நடுவில்தான் வரும். ‘நீ வராவிட்டால், ¿நான் என்ன செய்வேன்?’ என்பதுபோல. கேள்வியின் எல்லை தெரிகிறது. அழுத்தம் எந்தச் சொல்லில் என்பது இன்னும் தெரியாது.

ஆர்மீனிய மொழியின் வழக்கம்தான் நமக்கு மிக நெருங்கியது. அங்கே வினாக்குறி ՞ வாக்கியத்தின் முடிவில் வருவதில்லை. எந்தச் சொல்லைப் பற்றிக் கேள்வியோ அந்தச் சொல்லின் அழுத்தம் விழும் உயிரெழுத்தை ஒட்டி, மேலே எழுதப்படும். வாக்கிய முடிவில் நிற்பது அவர்களுடைய முற்றுப்புள்ளி. அது நம் முக்காற்புள்ளியைப் போல இரண்டு புள்ளிகளாக இருக்கும். ஆர்மீனியத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் செய்பவர் கிடைத்தால், ஆகாரத்தை எந்தச் சொல்லில் சேர்ப்பது என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. குறி எந்தச் சொல்லின் மேல் இருக்கிறதோ அங்கேதான். ஆங்கிலம் வழியாக வந்தால் அந்தச் செய்தி வழியிலேயே தொலைந்துவிடும். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது சென்னையில் என்பதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. அந்தச் சிறு வினாக்குறி சொல்லின் தலைமேல் அமர்ந்து நம் ஊர் அச்சகத்திலிருந்து போயிருக்கிறது.

கிரேக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். கிரேக்க வினாக்குறி நம் அரைப்புள்ளியின் உருவம் கொண்டது. யூனிகோடில் அதற்கு U+037E என்ற தனி இடம் இருந்தாலும், அது சாதாரண அரைப்புள்ளியான U+003B என்பதற்கு நிகரானதாக வைக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் எழுத்துகளைச் சீர்ப்படுத்தும்போது இதுவும் அரைப்புள்ளியாகவே மாறிவிடும். கிரேக்கக் கோப்பில் அரைப்புள்ளியைக் கண்டால் கேள்வி என்று கொள்க.

காற்புள்ளியைப் பற்றித் தமிழுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் காலமோ இடமோ வாக்கியத்தின் முன்னால் வந்தால் அதையடுத்துக் காற்புள்ளி வைப்பார்கள். நடுவில் செருகினால் இரு பக்கமும் வைப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் சந்தி உடைகிறது. ‘ஊருக்குப் போனான்’ என்பதில் ப் மிகுகிறது, ஏனெனில் இரு சொல்லும் ஒரே மூச்சில் வருகின்றன. ‘ஊருக்கு, போன வாரம், தனியாகப் போனான்’ என்று காற்புள்ளி வந்ததும் மூச்சு நிற்கிறது, ப் போகிறது. எனவே காற்புள்ளியைச் சேர்ப்பவர் ஒற்றை எடுக்க வேண்டும். காற்புள்ளியை எடுப்பவர் ஒற்றைச் சேர்க்க வேண்டும். ‘ஊருக்குப், போன வாரம்’ என்று காற்புள்ளிக்கு முன்னால் ஒற்று தொங்குவதைக் கண்டால், அந்தக் காற்புள்ளி மூலத்தைப் பார்த்துப் பின்னால் செருகப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதை நீக்கிப் படித்துப் பார்ப்பேன். பல இடங்களில் வாக்கியம் மூச்சு விடாமல் நன்றாகவே ஓடும்.

இனி கண்ணுக்குத் தெரியாத குறிகளுக்கு, அதாவது இடைவெளிகளுக்கு வருகிறேன். என் எடுத்துக்காட்டில் வினாக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்ததைப் பார்த்தீர்கள். கோண மேற்கோளின் உட்பக்கத்திலும் இருந்தது. பிரான்ஸ் நாட்டு அச்சு மரபில் அரைப்புள்ளி, உணர்ச்சிக்குறி, வினாக்குறி ஆகியவற்றுக்கு முன் மெல்லிய இடைவெளி வரும். முக்காற்புள்ளிக்கு முன்னும் மேற்கோளின் உள்ளும் சற்று அகலமான இடைவெளி வரும். கனடாவின் கெபெக் மாநிலத்தில் வினாக்குறிக்கும் உணர்ச்சிக்குறிக்கும் முன்னால் பொதுவாக இடைவெளி விடுவதில்லை. எங்கானாலும் அது வரிமுடிவில் உடையக் கூடாது. அதனால் கணினியில் அவற்றுக்கு உடையா இடைவெளிகள் உண்டு. அகலமானது U+00A0, மெல்லியது U+202F.

தமிழில் இந்த இடங்களில் இடைவெளி இல்லை. வினாக்குறி சொல்லோடு ஒட்டித்தான் நிற்கும். மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சுக் கோப்பின்மேலேயே தமிழைத் தட்டச்சு செய்தால் பழைய உடையா இடைவெளிகள் அங்கங்கே எஞ்சிவிடும். சாதாரண இடைவெளியைத் தேடி நீக்கும் கட்டளைக்கு அவை சிக்காது. நாம் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவில் U+202F இல்லாவிட்டால் அந்த இடத்தில் சிறு கட்டம் அச்சாகலாம். இதைவிட மோசமானது, பிரெஞ்சைப் பார்த்துப் பழகிய கை வினாக்குறிக்கு முன் சாதாரண இடைவெளியைத் தட்டுவது. அது வரிமுடிவில் உடையும். சொல் மேல்வரியில் நிற்க, வினாக்குறி தனியாக அடுத்த வரியின் தலையில் போய் விழும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரிக்குச் சில சொற்களே இருப்பதால், இரு ஓரமும் சமப்படுத்தும்போது ஒவ்வொரு இடைவெளியும் அகலமாக நீளும். வினாக்குறிக்கு முன்னால் உள்ளதும் சேர்ந்து நீளும்போது, குறி யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் நிற்கும். மெய்ப்பில் வரியின் முதல் எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாலே இந்தப் பிழை அகப்படும்.

இதைக் கோப்பிலேயே தீர்ப்பதற்குத் தேடி மாற்றும் பெட்டியில் ரெஜெக்ஸ் முறையை இயக்கி, கீழ்க்கண்ட தேடலைக் கொடுத்து, மாற்று என்ற இடத்தைக் காலியாக விடலாம்:

```
[ \u00A0\u202F]+(?=[;:!?»])
```

குறிகளுக்கு முன்னால் உள்ள இடைவெளிகள் மட்டும் போகும். திறக்கும் மேற்கோளுக்கு இன்னொரு தேடல் வேண்டும். மூடும் » குறியை ” ஆக மாற்றிவிட்டு, இதற்கு மாற்றாக “ என்ற தமிழ் மேற்கோளைக் கொடுக்கலாம்:

```
«[ \u00A0\u202F]*
```

இதை உரையாடல்களில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது. உரையாடல் முழுவதற்கும் ஒரே ஒரு மேற்கோள் திறந்து மூடுவதை முன்பே பார்த்தோம். இயந்திர மாற்றம் அதை அப்படியே விட்டுவிடும். நான்கு பேச்சுக்கு ஒரு இணை மேற்கோள் மட்டும் கிடைக்கும். உரையாடலைக் கையால்தான் பிரிக்க வேண்டும். எல்லா உடையா இடைவெளிகளையும் மொத்தமாகச் சாதாரண இடைவெளியாக மாற்றுவதும் ஆபத்து. பிரெஞ்சில் 12 500 என்று ஆயிரத்தைப் பிரிப்பது இடைவெளிதான். அது உடையக்கூடியதாகிவிட்டால் 12 ஒரு வரியிலும் 500 அடுத்த வரியிலும் போகும். எண்களைத் தனியாக எடுத்து, 12,500 என்றும், 1 250 000 என்பதை 12,50,000 என்றும் நம் முறைக்கு மாற்ற வேண்டும். பிரெஞ்சில் பின்னத்தைப் பிரிப்பது காற்புள்ளி. மூலத்தில் 1,250 கிலோ என்றிருந்தால் அது ஒன்றேகால் கிலோ. காற்புள்ளியை மாற்றாமல் விட்டால் தமிழ் வாசகர் அதை ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ என்று படிப்பார். மருந்தளவோ சமையல் குறிப்போ உள்ள நூலாக இருந்தால் இதற்கென்றே ஒரு தனிச் சுற்று படிக்கச் சொல்வேன்.

கடைசியாகச் சாய்வெழுத்து. பிரெஞ்சில் நூற்பெயர் சாய்வெழுத்தில் வரும். ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவும் அதையே பயன்படுத்துவார்கள். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அதற்கென வரைந்த சாய்வு வடிவம் இல்லை. மென்பொருள் நேரெழுத்தையே சாய்த்துக் காட்டும். நம் சுழிகள் அதில் சிதைந்து தெரியும். நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் போடலாம். உடனே வேற்றுமை உருபு எங்கே ஒட்டுவது என்ற கேள்வி வருகிறது. ‘அந்நியன்’ஐப் படித்தேன் என்று உருபை வெளியே விட்டால் கண்ணை உறுத்துகிறது. உள்ளே சேர்த்தால் நூலின் பெயர் மாறிவிடுகிறது. ‘அந்நியன்’ நாவலைப் படித்தேன் என்று ஒரு பெயர்ச்சொல்லை ஏற்றி, உருபை அதன் மேல் வைப்பதே நான் பின்பற்றும் வழி. அழுத்தத்துக்கு மேற்கோள் போடவே கூடாது. போட்டால் ஐயம் என்றோ கேலி என்றோ பொருள்படும். ‘அவள் அவனை அழைத்தாள்’ என்ற வாக்கியத்தில் மூல ஆசிரியர் ‘அவனை’ என்பதைச் சாய்த்திருந்தால், தமிழில் ‘அவள் அவனைத்தான் அழைத்தாள்’ என்று எழுதிவிட்டு, சாய்வைக் கோப்பிலிருந்து நீக்கிவிடலாம்.